உதவித்தொகை மதிப்பெண் தாள்: எடை எங்கே நழுவுகிறது?

பரீட்சை மதிப்பெண்ணுக்கு 40, குடும்பத் தேவைக்கு 40, கட்டுரைக்கு 20 என்று வெயிட்டேஜ் வைத்தோம். ஆனாலும் நன்றாக எழுதுகிறவர்களே மேலே வருகிறார்கள். எங்கே தப்பு?

தாளில் எழுதிய எடை வேறு, உண்மையில் வேலை செய்கிற எடை வேறு. இருவரை எடுத்துக்கொள்வோம். தேவையில் சமம். பரீட்சையில் ஒருவர் 92, மற்றவர் 88. பத்துக்கு மாற்றினால் 9.2, 8.8. அந்த 40-இல் இடைவெளி வெறும் 1.6 தான். பரீட்சையில் 88 எடுத்தவருக்குக் கட்டுரையில் பத்துக்கு 9, மற்றவருக்கு 4 என்றால், 20-இல் இடைவெளி 10. முடிவு செய்தது கட்டுரைதான்!

நீங்கள் 75-க்குக் கீழ் விண்ணப்பமே வாங்குவதில்லை என்றால், 75-ஐ பூஜ்யமாகவும் 100-ஐ பத்தாகவும் வைத்து மாற்றுங்கள். 92 என்பது 6.8 ஆகும், 88 என்பது 5.2. இப்போது இடைவெளி 6.4. கட்டுரை இன்னும் முந்துகிறது, ஆனால் பரீட்சையும் கணக்கில் வருகிறது.

எக்செலில் எப்படிப் போடுவது?

எடைகள் 2-ஆம் வரிசையில், விண்ணப்பங்கள் 4-இலிருந்து:

```
=SUMPRODUCT(B4:D4,$B$2:$D$2)/SUM($B$2:$D$2)
```

விடை பத்துக்கு வரும், பத்தால் பெருக்கினால் நூற்றுக்கு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. மதிப்பெண் போட மறந்தவர் கடைசியில் போய் நிற்பார்.

என் மகள் 94 எடுத்தும் கிடைக்கவில்லை. எத்தனை எடுத்தால் கிடைக்கும்?

இங்கே பேசுவது தாள் தயாரிப்பது பற்றி. அவளுடைய தாளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் என்ன மதிப்பெண் என்று அந்தக் குழுவிடமே கேளுங்கள்.

கட்டுரைகளை நடுவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்து, அவரவர் சராசரியைக் கழித்துவிட்டால் கறார் ஆசாமி, தாராள ஆசாமி பிரச்சினை தீர்ந்துவிடுமே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. கட்டுகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால் மட்டும். வந்த வரிசைப்படி பிரித்தால் ஒரு கட்டில் நிஜமாகவே நல்ல கட்டுரைகள் குவிந்திருக்கலாம், அவற்றை எழுதியவர்களை அநியாயமாக இறக்கிவிடுவீர்கள். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் படிப்பது மேல். அதற்கு முன், எல்லோரும் ஒரே ஐந்து கட்டுரைகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே கட்டுரைக்கு ஒருவர் 8, இன்னொருவர் 4 என்றால், 4 என்றால் என்ன, 8 என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதிவைத்த பிறகே தொடங்குங்கள்.

கடைசி இடத்துக்கு 71.2, 70.9. முதலாமவருக்கே கொடுத்துவிடலாமா?

கட்டுரையில் ஒரு நடுவர் ஒரு மதிப்பெண் கூட்டினாலே, இருவர் சராசரியில் மொத்தம் 1 மாறும். அப்படியிருக்க 0.3 என்ன சொல்லிவிடும்? இதைச் சமநிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாருக்கு என்ற விதியை விண்ணப்பங்களைத் திறக்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும். நான் தேவை அதிகமுள்ளவருக்கு என்பேன். எங்கள் குழுவில் ஒருவர் சீட்டுக் குலுக்கல்தான் நியாயம் என்கிறார், தேவை ஏற்கெனவே 40-இல் எண்ணப்பட்டுவிட்டதாம். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.