அம்மாவின் காரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"சுங்கை சிப்புட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 'நண்டுப் பிரட்டல் பிரமாதம், அம்மாவுக்குக் காரம் குறைத்துத் தந்தார்கள்' என்று கூகளில் ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். 'ஆதரவுக்கு நன்றி' தவிர என்ன எழுதலாம்?"

நண்டை யாரும் பாராட்டுவார்கள், அண்ணே. அம்மாவின் காரம் அவர் மட்டும் சொன்னது. அதற்கே பதில் எழுதுங்கள்:

"நன்றிங்க. அம்மாவுக்குத் தனிச் சட்டியில் மிளகாய் குறைத்துப் பிரட்டியது எங்கள் சமையற்கார அக்கா. உங்கள் வரிகளை அவருக்குப் படித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. அடுத்த முறை வரும்போது முன்பே சொல்லிவிடுங்கள், அம்மாவுக்குத் தனியாக எடுத்து வைக்கிறோம்."

சட்டி, அக்கா எல்லாம் உங்கள் கடையில் நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், நடக்காததை எழுத வேண்டாம். படித்துக் காட்டிவிட்டே போடுங்கள். கீழே உங்கள் பெயர் போதும். கடைப் பெயர், ஊர், புது மெனு எல்லாம் சேர்த்தால் விளம்பரமாகிவிடும். அப்புறம், இதையே அடுத்தவருக்கும் ஒட்டாதீர்கள். பதில்கள் வரிசையாகத்தான் தெரியும்.