பவரா, சென்சாரா, நிரலா? பழுது தேடும் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய ஒரே ரகம்: "எல்லாம் சரியாகத்தான் இணைத்திருக்கிறேன், ஆனாலும் ஓடவில்லை." கூடவே முழு நிரலையும் ஒட்டி அனுப்பிவிடுகிறீர்கள், போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒரு வரி கூட இருப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் பவரிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி செய்தேன். ஆர்டுயினோ ஊனோ, அல்ட்ராசோனிக் சென்சார், சின்ன சர்வோ மோட்டார். கையைக் காட்டினால் மூடி ஓயாமல் திறந்து திறந்து மூடுகிறது. சென்சாரை மாற்றினேன், லைப்ரரியை மாற்றினேன், வயர் எல்லாம் புதிதாகப் போட்டேன், இப்போது முன்பைவிட மோசம். நிரலில் எங்கே தப்பு?

முதலில் அந்த மூன்று மாற்றத்தையும் திரும்ப எடுத்துவிடுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியதால், மோசமானது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய தவறாவது தெரிந்த தவறு, அங்கிருந்து தொடங்கலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் எனக்குப் பவர் மேல்தான் சந்தேகம். சின்ன சர்வோ சும்மா நிற்கும்போது சொற்ப கரண்ட்தான் எடுக்கும், ஆனால் அசையத் தொடங்கும் நொடியில் அதன் இழுப்பு பல நூறு மில்லிஆம்பியர் வரை போகும். யுஎஸ்பி வழியே வரும் பவருக்கு ஊனோவில் 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது, மெல்லிய கேபிள் என்றால் அதற்கு முன்பே வோல்ட்டேஜ் சரிந்துவிடும். சதுர 9 வோல்ட் பேட்டரி இன்னும் மோசம். சரிவு சில மில்லிவினாடிதான், ஆனால் போர்டு ரீசெட் ஆக அது போதும். ரீசெட் ஆனதும் `setup()` மறுபடி ஓடும், அதில் நீங்கள் சர்வோவை 0 டிகிரிக்கு வைத்திருக்கிறீர்கள், மூடி மூடும். கை இன்னும் அங்கேயே இருப்பதால் மறுபடி திறக்கப் போகும், மறுபடி சரியும். வெளியிலிருந்து பார்த்தால் இது அச்சு அசலாக நிரல் பிழை மாதிரியே இருக்கும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 4.8 வோல்ட் காட்டுகிறதே என்பீர்கள். சாதாரண மீட்டர் வினாடிக்குச் சில தடவைதான் அளக்கும், இடையில் நடக்கும் குட்டிச் சரிவு அதன் கண்ணில் படாது. போர்டையே சாட்சி சொல்ல வையுங்கள். `setup()` உள்ளே முதல் இரண்டு வரியாக இதைப் போடுங்கள்:

```
Serial.begin(9600);
Serial.println("START");
```

சீரியல் மானிட்டரைத் திறந்ததும் ஒரு START வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மானிட்டரைத் திறந்தாலே ஊனோ ஒரு தடவை ரீசெட் ஆவது வழக்கம்தான். இப்போது கையை நீட்டுங்கள். மூடி அசையும்போதெல்லாம் புது START விழுந்தால் போர்டு ரீசெட் ஆகிறது என்று அர்த்தம். அடுத்து சர்வோவின் பிளக்கை மட்டும் உருவிவிட்டு, வேறு எதையும் தொடாமல், அதே மாதிரி கையை நீட்டிப் பாருங்கள். நிரல் அதேதான், சென்சார் அதேதான், START மட்டும் நின்றுவிட்டால் குற்றவாளி சர்வோ இழுக்கும் கரண்ட்தான்.

சர்வோவின் சிவப்பு வயரைத் தனி 5 வோல்ட் சப்ளைக்குக் கொண்டுபோங்கள், 1 ஆம்பியராவது கொடுக்கக்கூடியது. அந்தச் சப்ளையின் கிரவுண்டையும் ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் சேர்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் சர்வோவுக்கு சிக்னல் புரியாமல் உதற ஆரம்பிக்கும், நீங்கள் இல்லாத ஒரு புதுப் பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதோடு முடியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தால், START நின்ற பிறகும் யாரும் இல்லாத நேரத்தில் மூடி எப்போதாவது திறக்க வாய்ப்பு இருக்கிறது. அப்படி நடந்தால் மறுபடி பவருக்குப் போகாதீர்கள், அது தேறிவிட்டது. இனி இன்புட். சர்வோவை இயக்கும் வரிகளை மட்டும் தற்காலிகமாக முடக்கிவிட்டு, தூரத்தைத் திரையில் அச்சிடுங்கள். சென்சாருக்கு நேர் எதிரே 30 செ.மீ. தள்ளி ஒரு தட்டையான அட்டையைப் பிடியுங்கள். 29, 30, 30 என்று நிலையாக வந்தால் சென்சார் நல்லாயிருக்கிறது. அப்புறம் அட்டையை எடுத்துவிட்டுத் திறந்த வெளியைப் பார்க்க விடுங்கள். நடுநடுவே 0 வரும்.

அந்த 0, தூரம் இல்லை. உங்கள் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```
long t = pulseIn(echo, HIGH, 30000);
long cm = t / 58;
if (cm < 20) thira();
```

30,000 மைக்ரோவினாடிக்குள் எதிரொலித் துடிப்பு முடிந்து வராவிட்டால் `pulseIn` 0 என்று திருப்பிக் கொடுக்கும். எதிரே பொருள் சுமார் 4 மீட்டருக்கு அப்பால் இருந்தாலோ, துணி மாதிரி ஒலியை விழுங்கும் பொருளாக இருந்தாலோ, சாய்வாக நின்றாலோ இதுதான் நடக்கும். 0 என்பது 20-ஐவிடக் குறைவு, ஆகவே "கை மிக அருகில் இருக்கிறது" என்று முடிவுகட்டி மூடி திறந்துகொள்கிறது. நிபந்தனையை `cm > 0 && cm < 20` என்று மாற்றுங்கள். சென்சார் மேல் பழி போட்டீர்கள், அது பாவம், தெரிந்ததைத்தான் சொன்னது.

இரண்டு தனித்தனிப் பழுதுகள், அறிகுறி மட்டும் ஏறக்குறைய ஒன்று. முதல் பழுது இருக்கும்போதே இரண்டாவதைச் சரிசெய்திருந்தாலும் மூடி அடித்துக்கொண்டேதான் இருக்கும், நீங்களும் "இது இல்லை" என்று சரியான திருத்தத்தைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். பவரை முதலில் முடிக்கச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: எல்எம்35 வெப்பநிலை சென்சார் 25 டிகிரி காட்டுகிறது. விசிறியை ரிலே மூலம் ஆன் செய்ததும் 28-க்குத் தாவுகிறது, ஆஃப் செய்தால் 25. சென்சார் போலியா?

விசிறி ஓடினால் வெப்பம் ஏறுவது வேடிக்கைதான், ஆனால் தாவல் உடனுக்குடன் நடக்கிறது என்பதே பெரிய துப்பு. காற்றின் வெப்பம் அப்படி ஒரு நொடியில் மாறாது, வோல்ட்டேஜ் மாறும்.

`analogRead` வோல்ட்டேஜை நேரடியாக அளப்பதில்லை, போர்டின் சப்ளையில் இது எத்தனை பங்கு என்றுதான் சொல்கிறது. எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும், ஆக 25 டிகிரிக்கு 0.25 வோல்ட். சப்ளை 5 வோல்ட்டாக இருந்தால் எண் 51 வரும். விசிறி இழுத்துச் சப்ளை 4.5-க்கு இறங்கினால், அதே 0.25 வோல்ட்டுக்கு எண் 57 ஆகிவிடும். உங்கள் நிரல் இன்னமும் 5 வோல்ட் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது, விடை கிட்டத்தட்ட 28.

சோதிக்க: மீட்டரின் ஒரு முனையை A0-விலும் மறு முனையை கிரவுண்டிலும் வைத்து விசிறியை ஆன் செய்யுங்கள். இந்தச் சரிவு விசிறி ஓடும் வரை நீடிப்பது என்பதால் மீட்டரே போதும். A0-வில் 0.25 அசையாமல் இருந்து, 5 வோல்ட் பின்னில் மட்டும் இறங்கினால் சென்சார் குற்றமற்றது. விசிறிக்குத் தனி சப்ளை கொடுங்கள். A0-விலேயே 0.28 காட்டினால் கதை வேறு, அப்போது சென்சாரின் கிரவுண்டு வயரைப் பாருங்கள், விசிறியின் கரண்ட் அதே வயர் வழியாகத் திரும்பினால் அந்த வயரில் விழும் வோல்ட்டேஜும் அளவோடு சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பட்டனைத் தொடவே இல்லை, பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே எல்இடி எரிகிறது.

பின் அந்தரத்தில் தொங்குகிறது. பட்டன் அழுத்தாதபோது அது 5 வோல்ட்டிலும் இல்லை, கிரவுண்டிலும் இல்லை. பட்டனை முழுக்கக் கழற்றிவிட்டு, அந்தப் பின்னை ஒரு வயரால் நேரே கிரவுண்டில் செருகுங்கள். எல்இடி ஒரே நிலையில் நின்றுவிட்டால் நிரல் சரி. பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மறு காலை கிரவுண்டிலும் வைத்து `pinMode(2, INPUT_PULLUP);` என்று போடுங்கள், அழுத்தினால் LOW வரும் என்பதை மறக்காமல் நிபந்தனையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபிள், பிரெட்போர்டு, நிரல் மூன்றையும் மாற்றினேன், ஓட ஆரம்பித்துவிட்டது. இனி காரணம் தேட வேண்டுமா?

ஓடினால் போதும் என்றால் வேண்டாம். ஆனால் பழைய பிரெட்போர்டை வேறு எதற்காவது மறுபடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் தேடுங்கள். பழைய கேபிளை மட்டும் போட்டுப் பாருங்கள், ஓடினால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்து பிரெட்போர்டு. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கும், ஒரு பாதிக்கு 5 வோல்ட் வரும், மறு பாதிக்கு வராது. மீட்டரின் பீப் நிலையில் இரு முனையையும் தொட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு வினாடியும் எல்இடி மினுக்கும் நிரல். அரை நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு மங்கலாகத் தொடர்ந்து எரிகிறது. யுஎஸ்பி, தனி சப்ளை இரண்டிலும் இதே கதை. போர்டு சூடாகிக் கெட்டுவிட்டதா?

பவரை மாற்றியும் மாறவில்லை, இன்புட் எதுவும் இல்லை, ஆக நிரல்தான் மிச்சம். சூட்டினால் வரும் பழுது இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. ரீசெட் செய்து நேரம் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் 33-வது வினாடியில்தான் கெடும்.

```
int munbu = 0;
if (millis() - munbu >= 1000) {
  munbu = millis();
```

ஊனோவில் `int` 32,767 வரைதான் தாங்கும். 33,000 மில்லிவினாடியை அதில் திணித்தால் அது எதிர்மறை எண்ணாகிவிடும், கழித்தால் 65,536 வரும். அது எப்போதும் 1000-க்கு மேல், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எல்இடி மாறுகிறது, கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. `unsigned long munbu = 0;` என்று அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இதே நிரலை இஎஸ்பி32-இல் ஏற்றினால் பழையபடியே விட்டாலும் நன்றாக ஓடும், அங்கே `int` 32 பிட். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஊனோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.