அந்தப் பத்திரம் யாருடையது?

*அம்மா, மூன்றாண்டு சட்டப் படிப்பில் முதல் வருடம் படிக்கிறேன். ஒப்பந்தச் சட்டத் தேர்வில் ஒரு பிரச்சினைக் கேள்வி வந்தது. சொத்து கேட்டுத் தம்பி போட்ட வழக்கு தள்ளுபடியாகிவிடுகிறது. பல வருடச் சண்டைக்குப் பிறகு, இனியாவது சமாதானமாக இருப்போம் என்று அண்ணன் தன் நிலத்தில் பாதியைத் தம்பிக்குத் தருவதாக எழுதிப் பதிவு செய்து கொடுக்கிறார். பிறகு தர மறுக்கிறார். தம்பி வழக்குப் போட்டால் வெல்வாரா? எழுவினா, விதி, பொருத்துதல், முடிவு என நான்கு தலைப்பும் போட்டு எழுதினேன். 25ஆம் பிரிவையும் முழுதாக எழுதினேன். பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றுவது தவறு, அதனால் தம்பி வெல்வார் என்று முடித்தேன். எங்கள் பெரியப்பாவும் 20 ரூபாய் பத்திரத்தில் இப்படி எழுதிக் கொடுத்து அப்பாவை ஏமாற்றியவர்தான், கேள்வியைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. முடிவு சரியாக இருந்தும் 10க்கு 3தான் கிடைத்தது. எங்கே தப்பு செய்தேன்?*

*— ஒரு மாணவி, மதுரை*

பெரியப்பாவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், உன் ஏழு மதிப்பெண்ணும் அங்கேதான் போயிருக்கிறது. நீ கேள்வித்தாளில் இருந்த தம்பிக்காக எழுதவில்லை. உன் அப்பாவுக்காக எழுதியிருக்கிறாய்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கேள்வியில் "பதிவு செய்து" என்று ஒரு சொல் இருக்கிறது. உன் முடிவில் அந்தச் சொல் இல்லை. "பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு" என்று மட்டும் இருக்கிறது. ஏன் விட்டாய்? உன் வீட்டுப் பத்திரத்தில் பதிவு இல்லை, அதனால்தான். 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்த காகிதம் அது. கேள்வித்தாளில் இருந்ததோ சார்பதிவாளர் அலுவலகம் போய்வந்த பத்திரம். இரண்டும் உன் மனதில் ஒன்றாகிவிட்டன. சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

நான் வருடக்கணக்கில் இந்தப் பாடத்துக்கு விடைத்தாள் திருத்தியவள். நான்கு தலைப்பும் போட்டுவிட்டு நடுவில் ஒன்றும் இல்லாமல் வருகிற தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைப்புக்கு மதிப்பெண் கிடையாது. விதி என்ற தலைப்பின் கீழ் பிரிவு முழுவதும் ஒப்பித்திருக்கும். பொருத்துதல் என்ற தலைப்பின் கீழ் "எனவே இந்த வழக்குக்கு மேற்கண்ட பிரிவு பொருந்தும்" என்று ஒரே வரி இருக்கும். பொருந்தும் என்று சொல்வது பொருத்திக் காட்டுவது ஆகாது. நீ அதையும் தாண்டி, "ஏமாற்றுவது தவறு" என்று எழுதியிருக்கிறாய். தவறுதான். கூடப் பிறந்தவனுக்கு எழுதிக் கொடுத்ததை மறுக்கிற அண்ணனை நான் மனிதனாகவே மதிக்க மாட்டேன். ஆனால் தவறு என்பதற்காக எந்த நீதிமன்றமும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்காது. கேள்வி கேட்டது அண்ணன் நல்லவரா என்று இல்லை. அந்த வாக்குறுதியைச் சட்டப்படி நிறைவேற்ற வைக்க முடியுமா என்றுதான்.

சரி, இப்போது அதே கேள்வியை உட்கார்ந்து போடுவோம்.

முதலில் எழுவினா. "தம்பி வெல்வாரா?" என்பது எழுவினா இல்லை, அது கேள்வித்தாளின் கடைசி வரி. எந்த இடத்தில் இரண்டு பக்க வக்கீலும் முட்டிக்கொள்வார்கள் என்று தேடு. அண்ணன் பாதி நிலம் தருகிறார், அதற்குப் பதிலாகத் தம்பி எதுவும் கொடுக்கவில்லை. ஆக, மறுபயன் இல்லாத வாக்குறுதி. மறுபயன் இல்லாவிட்டால் பொதுவாக அது செல்லாது. நெருங்கிய உறவினர் பாசத்தால் எழுதிப் பதிவு செய்து கொடுப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. அப்படியானால் எழுவினாவை இப்படி எழுது: "மறுபயன் இன்றி, நெடுங்காலச் சண்டைக்குப் பின் சமாதானத்துக்காக அண்ணன் தம்பிக்கு எழுதிப் பதிவு செய்து கொடுத்த வாக்குறுதி, இயல்பான அன்பாலும் பாசத்தாலும் செய்யப்பட்டதாகுமா?" சண்டை என்ற சொல் உள்ளே வந்துவிட்டதா? கேள்வியைத் தயாரித்தவர் அதைக் கதைக்காக எழுதவில்லை. அண்ணனின் வக்கீல் பிடித்துக்கொள்ளப்போகிற கொம்பே அதுதான்.

அடுத்து விதி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மூன்று விதிவிலக்குகள் உண்டு. உனக்கு வேண்டியது முதலாவது மட்டுமே. மனமுவந்து ஏற்கெனவே செய்த உதவிக்கு ஈடு தருவதையும், காலம் கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கொடுப்பதையும் இங்கே எழுதினால் நேரம்தான் போகும். முதல் விதிவிலக்கை நான்காக உடைத்து எழுது. வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும். பதிவுச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். தரப்பினர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். இயல்பான அன்பும் பாசமும் காரணமாக அது செய்யப்பட்டிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த விதிவிலக்கு இல்லை. உடைத்து எழுதினால்தான் அடுத்த படியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மையைத் தேடிப் பக்கத்தில் வைக்க முடியும்.

பொருத்துதலுக்கு வா. பாதி நேரத்தை இதற்கு வைத்துக்கொள். எழுத்து, பதிவு, உறவு மூன்றையும் இரண்டு வரியில் முடிக்கலாம்: "அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பதிவாகியிருக்கிறது. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதால் நெருங்கிய உறவினர்." இதில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வளர்த்தால் பக்கம்தான் வீண்.

நிற்க வேண்டிய இடம் நான்காவது. இங்கே முதலில் அண்ணனின் வாயில் புகுந்து பேசு. உனக்குக் கசக்கும் என்று தெரியும், ஆனாலும் பேசு. வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குள் பாசம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்பார். அவர் கையில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. 1900இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வந்த ராஜ்லுக்கி தேபி வழக்கு. கணவன் மனைவிக்குள் தகராறு, அந்தத் தகராறுகளைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, மனைவி தனியே வாழ்வதற்கும் பராமரிப்புக்கும் பணம் தருவதாகக் கணவன் எழுதிப் பதிவு செய்து கொடுத்தான். அது செல்லாது என்றது நீதிமன்றம். உறவு நெருக்கமாக இருந்தது, பதிவும் இருந்தது, பாசம் மட்டும் இல்லை. நெருங்கிய உறவு என்பதாலேயே பாசம் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது என்பதற்கு இந்த வழக்கு.

அப்புறம் தம்பியின் பக்கம் வா. 1899இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பிவா எதிர் சிவராம். உன் கேள்வி அதிலிருந்து பிறந்ததுதான். ஒருவர் சகோதரர் மேல் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். அது பூர்வீகச் சொத்து இல்லை என்று அந்தச் சகோதரர் பிரமாணம் செய்ததால் வழக்கு தள்ளுபடியானது. பிறகு அவரே அந்தச் சொத்தில் பாதியைத் தருவதாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தார், அப்புறம் தரவில்லை. அந்த ஒப்பந்தம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சகோதரனோடு மறுபடி சேர வேண்டும் என்பதற்காகத் தன் சொத்தையே தர முன்வந்தார் என்றால் அதில் பாசம் இருக்கிறது என்பது அதன் காரணம்.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஓடிவிடாதே. எது உன் கேள்விக்கு நெருக்கம், ஏன் என்று சொல். இரண்டிலும் சண்டை இருந்தது. ஆக, சண்டை இருந்தது என்பது மட்டும் விடையைத் தீர்மானிக்கவில்லை. பத்திரம் எதற்காக எழுதப்பட்டது என்பதுதான் தீர்மானித்தது. கல்கத்தாவில் பிரிந்து வாழ எழுதினார்கள். பம்பாயில் சேர்ந்துகொள்ள எழுதினார்கள். உன் கேள்வியில் "இனியாவது சமாதானமாக இருப்போம்" என்று இருக்கிறது, அதனால் பம்பாய் வழக்கின் பக்கம் சாய்கிறது. இந்த நாலைந்து வரிக்குத்தான் பெரும்பாலான மதிப்பெண். உன் தாளில் இது இல்லவே இல்லை.

கேள்வியில் இல்லாத எதையும் சேர்க்காதே என்றும் சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்யாமல் விடுவதற்காகப் பாதி நிலம் தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டார் என்று கேள்வி சொல்லியிருந்தால் அந்த விட்டுக்கொடுத்தலே மறுபயனாகலாம், 25ஆம் பிரிவுக்கே போக வேண்டியிருக்காது. ஆனால் கேள்வி வழக்கு தள்ளுபடியானதோடு நிறுத்திவிட்டது. "மேல்முறையீட்டைக் கைவிட்டதாகத் தெரிந்தால் இப்படியும் வாதிடலாம்" என்று ஒரு வரி எழுதலாம். கைவிட்டார் என்று நீயே முடிவு செய்யக் கூடாது. பெரியப்பாவின் முகத்தை அண்ணனுக்கு ஒட்டவைத்த அதே தப்பு அது.

முடிவு ஒரே வாக்கியம். நான்கு கூறுகளும் நிறைவேறுவதால் ஒப்பந்தம் செல்லும், தம்பி அதை நிறைவேற்றக் கோரலாம். நீ எழுதிய முடிவும் இதேதான் என்கிறாய். ஒரு கணக்கில் வழியே போடாமல் விடையை மட்டும் எழுதினால் என்ன கிடைக்குமோ அதுதான் உனக்குக் கிடைத்தது.

நீ சரியாகப் புரிந்துகொண்டாயா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இன்றைக்கு ராத்திரி அதே கேள்வியில் "பதிவு செய்து" என்ற சொற்களை அடித்துவிட்டு மறுபடி எழுது. எழுவினா மாறும். பொருத்துதலில் இரண்டாவது கூறிலேயே நீ நின்றுவிடுவாய். பாசத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் தம்பிக்கு 25ஆம் பிரிவு கைகொடுக்காது. அந்த விடையை எழுதும்போது உனக்கு வலிக்கும், ஏனென்றால் அது உன் அப்பாவின் காகிதம். வலிக்கிறது என்பதற்காக முடிவை மாற்றாமல் எழுது.

அப்பாவுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் விடைத்தாள் அதற்கு இடமில்லை. சட்டம் படிக்கிற பெண் வீட்டில் இருக்கிறாள், அந்தக் காகிதத்தை எடுத்து ஒருமுறையாவது அவரோடு உட்கார்ந்து படித்திருக்கிறாயா? படித்திருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருப்பாய், என்ன விலைப் பத்திரம் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டாய். பிள்ளைகள் பெரியவர்களின் கோபத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள், அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நிலம் பெரியப்பா சம்பாதித்ததா, தாத்தா வழியில் வந்ததா என்று அப்பாவிடம் கேள். தாத்தா வழி என்றால் அப்பாவின் பங்கு பெரியப்பா எழுதிக் கொடுத்ததால் வருவது இல்லை, அந்தக் காகிதம் இல்லாமலே அதைக் கேட்க வழி இருக்கலாம். கூட்டுக் குடும்பச் சொத்தில் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. பெரியப்பா மறுத்தது எந்த வருடம் என்று உன் கடிதத்தில் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, காகிதத்தையும் மூலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஒரு சிவில் வக்கீலைப் போய்ப் பார்.