மூட்டு மாற்றிய காலின் எக்ஸ்ரேயில் தெரியும் கருப்புக் கோடு

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்கால் மூட்டு மாற்றி 8 வருஷம் ஆகிறது. அதே காலில் கீழே பழைய பிளேட்டும் இருக்கிறது. இப்போது எடுத்த எக்ஸ்ரேயில் இரும்புக்கும் எலும்புக்கும் நடுவில் கருப்பாக ஒரு கோடு தெரிகிறது. கழன்றுவிட்டதா?

கோடு தெரிவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கோடு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம், பழைய படத்தில் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் பேச வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. படத்துக்கு முடிவு சொல்ல வேண்டியவர் எலும்பு டாக்டர். அவர் படத்தில் எதைத் தேடுகிறார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழுதில்லாத மூட்டு படத்தில் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொடை எலும்பின் அடிமுனையில் தொப்பி போட்டதுபோல் ஒரு உலோகம் இருக்கும். அது பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவை. படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழும். கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு தட்டும், அதன் அடியிலிருந்து எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டும் இருக்கும். இந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவில் நல்ல அகலமாக ஒரு கருத்த இடைவெளி தெரியும். "உள்ளே ஒன்றுமே இல்லையே, தேய்ந்து போச்சா?" என்று என்னிடம் அதிகம் கேட்கப்படுவது அதைப் பார்த்துத்தான். அங்கே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் தெரியாது. அந்த இடைவெளி இருப்பதுதான் நல்லது. ஒரு பக்கம் மட்டும் அது குறுகிக்கொண்டே வந்தால்தான் பிளாஸ்டிக் தேய்கிறது என்று பொருள். நின்றுகொண்டு எடுத்த படத்தில்தான் இது சரியாகத் தெரியும், படுத்து எடுத்ததில் ஏமாற்றும்.

உலோகத்தை ஒட்டி எலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். அது எலும்பு சிமென்ட். சிமென்ட் தானாக எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் பேரியம் சல்ஃபேட் போன்ற பொருளைக் கலந்து வெள்ளையாகத் தெரிய வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் வரும் கருப்புக் கோடு வழக்கமாக விழும் இடம், இந்தச் சிமென்டும் எலும்பும் சேரும் விளிம்பு. உலோகமும் சிமென்டும் சேரும் இடத்திலும் விழலாம்.

அதற்கு முன்னால் ஒரு பொய்க் கோட்டையும் கழித்துவிட வேண்டும். இப்போதெல்லாம் பெரும்பாலான இடங்களில் டிஜிட்டல் எக்ஸ்ரே. படம் கூர்மையாகத் தெரிய வேண்டுமென்று மெஷினே விளிம்புகளைத் தூக்கிக் காட்டும். வெள்ளை உலோகத்தைச் சுற்றி அது தானாகவே ஒரு கருத்த வளையம் போட்டுவிடும். எலும்பைத் தொடாத பக்கத்தில், அதாவது தட்டின் மேல்விளிம்பிலும் பிளாஸ்டிக்கைப் பார்த்த பக்கத்திலும், அதே அகலத்தில் கருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருந்தால் அது மெஷின் போட்டது. நிஜமான கோடு எலும்புப் பக்கம் மட்டும்தான் வரும். கூர்மைப்படுத்துவதைக் குறைத்துக் காட்டச் சொன்னால் பொய்க் கோடு மங்கிவிடும், நிஜக் கோடு அப்படியே நிற்கும்.

நிஜக் கோடாகவே இருந்தாலும், தட்டின் உள்பக்க ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்லியதாக, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்றும் இருந்து, வருஷக்கணக்கில் அப்படியே நின்றால் டாக்டர்கள் பொதுவாக அதைத் தொந்தரவாக எடுப்பதில்லை. சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒவ்வொரு படத்துக்கும் நீண்டுகொண்டே போனால், அல்லது தட்டையும் தண்டையும் முழுசாகச் சுற்றி வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஃபிலிமில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஒரே ஃபிலிமில் இரண்டு படம் அடிக்கும்போது படத்தைச் சுருக்கித்தான் அடிப்போம். கம்ப்யூட்டரில் அளப்பதுதான் சரி.

குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டு வேலை செய்த ஒரு அம்மை வந்தார். மூட்டு மாற்றி 9 வருஷம். "இருந்து எழும்பினா மொத நாலு எட்டு வைக்க முடியல்ல மக்களே. நடந்து நடந்து பொறவு கொஞ்சம் சரியாவும்" என்றார். தட்டு ஆட்டம் கண்டவர்கள் அதிகம் சொல்லும் வலி இது. எழும்பி முதலில் எடை ஏறும்போது அந்தத் தட்டு எலும்பின்மேல் கொஞ்சம் அசைந்து உட்காரும். அப்போது வலிக்கும், உட்கார்ந்தபிறகு குறையும். ஏற்றத்தைவிட இறக்கத்தில் அவருக்குக் கூடுதல் கஷ்டம். மலைச்சரிவில் இருக்கும் வீட்டுக்காரர், தினமும் இறங்கித்தானே ஆக வேண்டும்.

அவர் மகள் பழைய படங்களையும் கொண்டுவந்திருந்தார். ஆபரேஷன் முடிந்த உடனே எடுத்ததில் எங்கும் கோடு இல்லை. 3ஆம் வருஷப் படத்தில் தட்டின் உள்பக்க ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கோடு, கூடவே வெள்ளைக் கீற்று. அன்று அதைப் பார்த்து யாரும் பயந்திருக்கத் தேவையில்லை. இப்போதைய படத்தில் கோடு 3 மில்லிமீட்டர். தட்டின் அடி முழுக்க ஓடி, தண்டின் இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டியது கோட்டை அல்ல, தண்டின் நுனியை. முதல் படத்தில் எலும்புக் குழாயின் நடுவில் நின்ற நுனி, இப்போது வெளிப்பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டின் உள்பக்கம் எலும்புக்குள் அமிழ்ந்து சாய்ந்தால் தண்டின் நுனி எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நுனி இடித்த இடத்தில் எலும்புச் சுவர் தடித்து வெள்ளையாகியிருந்தது. கோடு எத்தனை அகலம் என்று இரண்டு பேர் வாதாடலாம். உலோகம் இடம் மாறியிருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

அதன்பிறகும் நேரடியாக ஆபரேஷனுக்குப் போகவில்லை. கிருமி புகுந்தாலும் எலும்பு கரைந்து இதேபோல் கோடு விழும், படம் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்றும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் தட்டை மாற்றி நீளமான தண்டு வைத்தார்கள். மூட்டு மாற்றி ஓரிரு வருஷத்துக்குள்ளேயே கோடு அகலமாகிறதென்றால் முதலில் கிருமியைத்தான் சந்தேகிப்பார்கள். காய்ச்சல், மூட்டில் சூடு, சிவப்பு, தழும்பிலிருந்து நீர் வடிவது இதில் ஏதாவது இருந்தால் அடுத்த எக்ஸ்ரேவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். கதிர் தட்டின் அடிப்பரப்புக்கு நேராகப் போனால்தான் அடியில் இருக்கும் கோடு தெரியும். சில டிகிரி சாய்ந்தாலே உலோகம் கோட்டை மறைத்துவிடும். படத்தில் தட்டு ஒல்லியாக ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் சரியாக எடுத்திருக்கிறது. முட்டைவடிவில் அகலமாகத் தெரிந்தால் அந்தப் படத்தை வைத்துக் கோடு இல்லை என்று சொல்ல முடியாது, இரண்டு படங்களை ஒப்பிடவும் முடியாது. கூட்ட நேரத்தில் அவசரமாக எடுத்த படங்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். திரும்ப எடுக்கச் சொல்வதில் தப்பே இல்லை. பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும். தொடைப் பக்கத் தொப்பியின் அடியில் எலும்பு கரைந்தால் முன்னால் நின்று எடுத்த படத்தில் உலோகமே மறைத்துவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் உலோகச் சிதறலைக் குறைத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன் உதவும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் விஷயம், ஃபிலிமை ஜன்னலில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் காணாமல் போய்விடும். மெஷினில் இருக்கும் அசல் படத்தை டைகாம் வடிவில், கம்ப்யூட்டரில் போடும் சி.டி. டிஸ்கில் தரச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் படத்தை எப்படியாவது தேடி எடுங்கள், அதைவிடப் பயனுள்ள படம் வேறில்லை. ஃபிலிம்களை அலமாரிக்கு மேலே, தகரக் கூரைச் சூட்டில் போட்டு வைக்காதீர்கள்; இப்போதைய ஃபிலிம் பல சூட்டில் கருத்துப் போகும் வகை.

இனி பிளேட். பிளேட்டிலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான், ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூவின் புரியைச் சுற்றி எலும்பில் கருத்த வளையம் இருந்தால் அது பிடிப்பு விட்டிருக்கலாம். ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலிருந்து தள்ளி நின்றால் பின்னோக்கி வருகிறது என்று பொருள். பிளேட் உடைந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூ துளை வழியாகத்தான் உடையும், எலும்பு கூடாமல் உலோகமே எடையை நாள்கணக்கில் சுமந்த இடத்தில். எலும்பு நன்றாகக் கூடிய பழைய பிளேட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, வலியும் இல்லையென்றால் டாக்டர் அதைத் தொடாமலே விடுவார்.

உங்கள் அம்மாவுக்குப் பிளேட் முக்கியமாவது வேறு காரணத்தால். நாளைக்கு மூட்டை மாற்ற வேண்டி வந்தால் நீளமான தண்டு கீழ்க்கால் எலும்பின் குழாய்க்குள் இறங்க வேண்டும். பிளேட்டின் ஸ்க்ரூக்கள் அந்தக் குழாயைக் குறுக்கே அடைத்திருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் முழங்காலை மட்டும் எடுக்காமல், பிளேட்டின் கடைசி ஸ்க்ரூ வரைக்கும் தெரியும்படி காலை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பத்திரி ஃபைலில் மூட்டும் பிளேட்டும் எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். ஸ்க்ரூ கழற்ற அதற்கென்று உள்ள டிரைவர் வேண்டும்; அது முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் ஏற்பாடு செய்துகொள்வார்.