கேள்வி-பதில்: அம்மா படத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

"அப்பா படத்துக்கு மாலை போட்டுத் தரச் சொன்னேன். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு கழுத்தில் ரோஜா மாலை வரைந்து கொடுத்திருக்கிறார்கள். ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. திரும்பச் செய்யச் சொல்லலாமா?" — வாசகி, திண்டுக்கல்

சொல்லுங்கள். எது சரியில்லை என்பதை நீங்களே இப்படிக் கண்டுபிடிக்கலாம். முதலில் பூவின் அளவைப் பாருங்கள். ஒரு ரோஜாவின் அகலம் முகத்தின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஸ்டுடியோக்களில் தயாராக இருக்கும் மாலைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டும்போது பூ கன்னத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. அடுத்து வெளிச்சம். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்து, மாலையில் வலப்பக்கமிருந்து விழுந்தால் கண்ணுக்கு உறுத்தும், காரணம் புரியாது. மூன்றாவது நிழல். மாலைக்குக் கீழே சட்டையில் மெல்லிய நிழல் இல்லாவிட்டால் அது மேலே மிதப்பது போலத் தெரியும்.

இந்த மூன்றையும் சரிசெய்து வாங்கினாலும் கழுத்தில் மாலை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கழுத்தில் மாலையோடு இருக்கிற படம் கல்யாணப் படம், அல்லது பாராட்டு விழாப் படம். மறைந்தவருக்கு நாம் மாலையைப் படத்துக்குத்தான் போடுகிறோம். திதிக்கும் அமாவாசைக்கும் உங்கள் கையால் புதுப்பூ வாங்கிப் போடும்போது, உள்ளே வரைந்த மாலை அதற்கு இடைஞ்சலாக இருக்கும். வீட்டுச் சுவருக்கு மாலையில்லாத படத்தையே பிரிண்ட் போடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வரைந்த மாலை தேவைப்படும். அதைப் படத்தின் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் ஓரமாகத் தொங்கவிடச் சொல்லுங்கள், தாடையில் தொடாமல். மாலையைத் தனி லேயரில் வைக்கச் சொல்லி, பிறகு திருத்தக்கூடிய PSD கோப்பையும் மாலையில்லாத JPEG கோப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிஜப்பூ போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் தெளித்த பூச்சரத்தின் ஈரம் ஃபிரேம் இடுக்கு வழியே உள்ளே போனால், பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, சுற்றி மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

"அப்பா வேட்டி சட்டையில் இருக்கிறார். கோட் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஸ்டுடியோக்காரர். போடலாமா?" — வாசகர், விருதுநகர்

இருந்தபோது கோட் போட்டாரா? இல்லையென்றால் வேண்டாம்.

"அம்மா இறந்து ஒன்பது நாள் ஆகிறது. நல்ல படம் என்று இருப்பது அண்ணன் மகன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் வந்தது. மாமாவின் கை அம்மாவின் தோளில் இருக்கிறது, பின்னால் வீடியோ லைட் ஸ்டாண்டு தெரிகிறது. அம்மாவை மட்டும் வெட்டி, நீலப் பின்னணி வைத்து, 12-க்கு 18 அளவில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். பதினாறாம் நாளுக்கு வேண்டும்." — வாசகர், மன்னார்குடி

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்பது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் மிஞ்சும். குரூப் போட்டோ என்பதால் அதில் அம்மாவின் முகம் 110 பிக்சல் அகலம் இருந்தால் அதிகம். கேமராவின் மூலக் கோப்பு 6000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முகம் அதில் 400 பிக்சலைத் தாண்டும். போனில் எடுத்த படம் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது.

இப்போது கணக்கு. தோள்வரை தெரிகிற படத்தில் முகம் பொதுவாக அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 12-க்கு 18 பிரிண்டில் அது 4 அங்குலம். அங்குலத்துக்கு 150 பிக்சலாவது இருந்தால் முகம் தெளிவாக வரும், அதாவது 600 வேண்டும். உங்களிடம் மூலக் கோப்பு கிடைத்தாலும் 400 சொச்சம்தான். அதே 400 பிக்சல் 8-க்கு 10 பிரிண்டில் அழகாக வரும். அதனால் 8-க்கு 10 போடுங்கள், ஃபிரேமைப் பெரிதாக வைத்துச் சுற்றி அகலமாக மவுண்ட் அட்டை கொடுங்கள். தூரத்திலிருந்தும் எடுப்பாகத் தெரியும்.

வெட்டி எடுத்து நீலப் பின்னணி வைப்பது வேண்டாம். வயதானவர்களின் நரைமுடி ஓரத்தில் பிரிபிரியாக இருக்கும். அவசரமாக வெட்டுகிறவர்கள் அதையெல்லாம் வழித்துவிடுவார்கள், தலைக்கு மேல் மூடி கவிழ்த்ததுபோல ஆகிவிடும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே பழைய பின்னணி கொஞ்சம் மாட்டிக்கொண்டு நிற்கும். லைட் ஸ்டாண்டை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள், மீதிப் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்கி லேசாக மங்கலாக்கினால் போதும். கண் தானாக முகத்துக்கு வந்துவிடும்.

மாமாவின் கைதான் கஷ்டமான இடம். முதலில் படத்தை நெருக்கமாக கிராப் செய்து பாருங்கள், கை பாதி வெளியே போய்விடலாம். மிச்சத்தை மறைக்க அம்மாவின் முந்தானையிலிருந்தே துணியை எடுத்து நிரப்ப வேண்டும். சில இடங்களில் மற்றத் தோளைத் திருப்பிப் போட்டு ஒட்டுவார்கள். அம்மாவுக்கு முந்தானை இடத்தோளில், வலத்தோளில் ரவிக்கை மட்டும். திருப்பி ஒட்டினால் ஒன்று இரு தோளிலும் முந்தானை இருக்கும், இல்லை இரு தோளிலும் இருக்காது. முழுப்படத்தையும் திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. மூக்குத்தி பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃபிரேம் போடும் முன், முகப் பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு 4-க்கு 6 தாளில் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். அதை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"அம்மா கறுப்பு. படத்தில் இன்னும் கறுப்பாகத் தெரிகிறார். கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்பதில் தவறு உண்டா?" — வாசகி, சேலம்

உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் அப்பா இறந்தபோது நான் நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் படம் கொடுத்தேன். பிரிண்ட் போடும் முன் பார்க்கவில்லை, முழுப்பணமும் முதலிலேயே கொடுத்துவிட்டேன். காரியத்தன்று காலையில் ஃபிரேம் வந்தது. முகத்தை மட்டும் வெளுப்பாக்கியிருந்தார்கள். நெற்றியில் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு இருக்கும், அதையும் அழித்திருந்தார்கள். விளக்கேற்ற வந்த அப்பத்தா படத்தின் முன்னால் நின்று, "இது யாருய்யா?" என்று கேட்டது. கண் தெரியாமல் கேட்கவில்லை. பெற்றவளுக்கு அந்தத் தழும்புதான் அடையாளம். அன்றைக்கு அந்தப் படத்துக்கு முன்னால்தான் படையல் போட்டோம், வேறு வழியில்லை. மறுவாரம் அதைக் கழற்றிவிட்டு, பழைய சின்னப் படத்தையே மாட்டினேன்.

வெளுப்பாக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தை மட்டும் மாற்றுவதால் காதும் கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்குக் கீழே சுருக்கம் இருக்காது, ஆனால் கழுத்தில் இருக்கும்.

உங்கள் அம்மா இருந்ததைவிடக் கறுப்பாகத் தெரிகிறார் என்றால், அது படத்தின் கோளாறாக இருக்கலாம். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் இருண்டுவிடும். பழைய பிரிண்ட் மங்கி, மஞ்சள் அல்லது சிவப்பு ஏறியிருக்கும். இதைத் திருத்துவது நியாயம். வழி இதுதான்: படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒன்றை, வேட்டியோ சுவரோ, வெள்ளையாக வரும்வரை முழுப்படத்தின் நிறத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இருட்டுப் பகுதிகளைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அப்போது முகம் தன் நிறத்துக்குத் தானே வரும். ஆர்டர் சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "தூசி, கீறல், கறை மட்டும் நீக்கவும். மச்சம், தழும்பு, சுருக்கம், தோல் நிறம் தொடக்கூடாது."

"அப்பா போன பிறகு அம்மா பன்னிரண்டு வருஷம் குங்குமம் வைக்கவில்லை. படத்தில் வைக்கச் சொல்கிறான் தம்பி. நான் வேண்டாம் என்கிறேன்." — வாசகி, காரைக்குடி

அம்மா தானே குங்குமம் வைத்திருந்த காலத்துப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கடைசிப் படத்தை அப்படியே விடுங்கள். தம்பிக்கு ஆசை என்றால் கண்ணாடியின் மேல் சந்தனம் குங்குமம் வைக்கட்டும். அதைத் துடைத்துவிடலாம், உள்ளே வரைந்தால் முடியாது.

"அப்பா படத்தின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வேலையில் இருந்ததால் திறந்து பார்க்காமல் ஓகே போட்டுவிட்டேன். இப்போது முகம் வேறு மாதிரி இருக்கிறது. பில்லும் வாங்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?" — வாசகர், ஈரோடு

பார்க்காமல் ஓகே போட்ட பிறகு எதை வைத்துக் கேட்பது? அப்பாவின் முகத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம். பணத்தை மறந்துவிட்டு, திருத்திய புதுப் பிரிண்டுக்குத் தன்மையாகப் பேசுங்கள். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் நீங்களும் கேட்டு வாங்க வேண்டும்.

"எங்களிடம் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு படம். பெரிதாக்கக் கொடுத்தோம். தொலைத்துவிட்டு, 'பில்லில் பொறுப்பல்ல என்று அச்சடித்திருக்கிறோம்' என்கிறார்கள்." — வாசகி, தூத்துக்குடி

படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. அந்த அச்சு வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஒப்படைத்த பொருளைக் கவனமாக வைத்திருப்பது அவர்கள் கடமை, தொலைத்தது சேவைக் குறைபாடு. பில்லையும் பேசிய மெசேஜ்களையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

இதற்கு நடுவே படத்தையும் தேடுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள், வங்கிப் பாஸ்புக், பழைய அடையாள அட்டை விண்ணப்பத்தின் நகல் எல்லாவற்றையும் பாருங்கள். பாஸ்போர்ட் அளவுப் பிரிண்ட் ஒன்று கிடைத்தாலே போதும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 1650-க்கு 2100 பிக்சல் வரும், படம் தெளிவாக இருந்தால் 8-க்கு 10 தாராளமாகப் போடலாம். ஸ்கேன் செய்யும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

"போட்டோவுக்குச் சந்தன மாலை 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே மாதத்தில் வாசனை போய்விட்டது." — வாசகர், தாம்பரம்

அந்த விலைக்குச் சந்தனம் வராது. வேறு மரச் சீவலில் வாசனை ஏற்றியது. மாலை என்று வாங்குங்கள், சந்தனம் என்று வாங்காதீர்கள்.