வெடிக்குப் பின் அடைத்த காதில் எண்ணெய் விடாதீர்கள்

கேள்வி: நான் பொதட்டூர்பேட்டையிலிருந்து நகரிக்குப் போய் 18 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். இரவில் இரண்டு காதிலும் வண்டு ரீங்காரம் போலச் சத்தம் கேட்கிறது. தீபாவளியன்று இடது காதுக்குப் பக்கத்தில் அணுகுண்டு வெடித்தது. நான்கு நாளாக அந்தக் காது அடைத்தே இருக்கிறது. பூண்டு எண்ணெய் விட்டும் பலனில்லை. மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். மகனும் எந்நேரமும் இயர்போனும் கையுமாக இருக்கிறான். எனக்கு முழுச் செவிடு ஆகிவிடுமா?

பதில்: தறிச் சத்தத்தால் மட்டும் முழுச் செவிடு ஆவதில்லை. இரண்டு காதிலும் இரவில் கேட்கும் ரீங்காரம் பல வருடம் தறி ஓட்டியவர்களிடம் நான் வாரந்தோறும் பார்ப்பதுதான். அதை வைத்து மூளைக் கட்டி என்று அஞ்சவேண்டாம், அந்தக் காணொளியை மறந்துவிடுங்கள். என்னைப் பதறவைத்தது நீங்கள் நடுவில் ஒரு வரியில் சொல்லிப்போன இடது காதுதான். வெடித்த பின் ஒரு காது மட்டும் அடைத்து, மறுநாளும் திறக்கவில்லை என்றால் அது காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன்; இங்கே எழுதுவது மற்ற வாசகர்களுக்காகவும்தான்.

தொலைபேசியில் உங்களை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று முனகச் சொன்னேன். அழுக்கு அடைத்திருந்தாலோ செவிப்பறை கிழிந்திருந்தாலோ அந்த முனகல் அடைத்த காதிலேயே பலமாகக் கேட்கும். உள்காதில் அடிபட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம் போகும். வலது பக்கம் கேட்கிறது என்றீர்கள். இது பரிசோதனைக்கு மாற்று அல்ல, எவ்வளவு விரைவாக ஓடவேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. மறுநாள் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தோம்; அதில் டெசிபல் எண் கூடக்கூட இழப்பும் கூடுதல் என்று பொருள். வலது காது 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியில் மட்டும் 45 டெசிபல் வரை பள்ளம் விழுந்து 8000-இல் மீண்டும் ஏறியிருந்தது. அது 18 வருடத் தறியின் முத்திரை. இடது காதில் அதே இடம் 70-க்கும், பேச்சுக்கு முக்கியமான 2000 ஹெர்ட்ஸ் 55-க்கும் இறங்கியிருந்தது; அது அணுகுண்டின் வேலை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்த பின் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினோம். இரண்டு வாரத்தில் 2000 ஹெர்ட்ஸ் 30-க்கு வந்துவிட்டது, 4000 மட்டும் 55-இல் நின்றுவிட்டது. இந்த மருந்து எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் பலிப்பதானால் முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் கடந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கையை விரிக்கவே நேர்கிறது.

பூண்டு எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் செவிப்பறை கிழியாமல் இருந்தது அதிர்ஷ்டம். கிழிந்த செவிப்பறை உலர்வாக விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதில் எண்ணெய் விட்டால் சீழ் பிடிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகள் அந்த ஓட்டை வழியே உள்காதுக்குள் இறங்கி, மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் அழிக்கக்கூடியவை.

இனி தறி. 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். தறிகள் நிறைந்த கூடத்தில் 94 டெசிபல் சாதாரணம். அங்கே காதை மூடாமல் நிற்கத்தக்க நேரம் ஒரு மணிதான், நீங்கள் நிற்பதோ ஒரு முழு ஷிப்டு. உள்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

காதில் திணிக்கும் கழிவுப் பஞ்சு மிகக் கொஞ்சமே தடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக்கை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருங்கள். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பாதி பிளக் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. அறுந்த நூலைக் கட்டும் நேரத்தில்கூடத் தறிக்கூடத்துக்குள் அதைக் கழற்றாதீர்கள்.

மகன் இயர்போன் போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசிப்பாருங்கள். அவனுக்குக் கேட்காவிட்டால் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

நீங்கள் மூன்று மாதம் கழித்து மறு ஆடியோகிராமுக்கு வரவேண்டும். ஷிப்டு முடித்த கையோடு வராமல், தறிச் சத்தம் கேளாமல் ஒரு முழு இரவு தூங்கி எழுந்து, விடுமுறைக்கு மறுநாள் காலையில் வாருங்கள். களைத்த காதில் எடுத்த அளவு உண்மையான இழப்பைவிடக் கூடுதலாகக் காட்டும்.