மாவடு ஜாடியில் கரையாத கல்லுப்பு

"காரைக்குடி வீட்டில் மாவடுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 400 கிராம் கல்லுப்பு போட்டேன். கலக்கிக்கொண்டே இருந்தும் மறுநாள் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. பொடித்துப் போட்டால் முழுதும் கரையுமா?"

கரையாதுங்க. பொடித்தால் சீக்கிரம் கரையும், அவ்வளவுதான், கூடுதலாகக் கரையாது.

தண்ணீர் உப்பை அதன் மேற்பரப்பில் மட்டுமே தொட்டுக் கரைக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மில்லிமீட்டர் துகள்களாக நொறுக்கினால் 60. அம்மியில் நுணுக்கிய உப்பு சட்டென்று மறைவது இதனால்தான்.

ஆனால் எவ்வளவு கரையும் என்பது வேறு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்போடு நிறைந்துவிடும். அப்புறம் துகளிலிருந்து எவ்வளவு உப்பு பிரிகிறதோ, அதே அளவு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஜாடியில் மிச்சம் 40 கிராம் இருக்கும். காய்ச்சினாலும் பெரிய பலனில்லை. கொதிக்கும்போது 390 கிராம் வரை ஏற்கும், ஆறியதும் கூடுதலாகக் கரைந்தது படிந்துவிடும்.

சந்தேகமிருந்தால் மேலே தெளிந்த நீரை ஒரு டம்ளரில் எடுத்து, ஒரு சிட்டிகை பொடியுப்பு போட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். கரைந்தால், கட்டிக்கு நேரம்தான் போதவில்லை. அப்படியே நின்றால் தண்ணீர் நிறைந்துவிட்டது. இன்னும் 120 மில்லி ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் பழுப்பாக ஏதாவது தங்கினால் அது உப்பளத்து மண், வடிகட்டிவிடுங்கள்.